விடைக்குறிப்பில் இல்லாதவள்

இவர் தூங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு உள்ளே போய்விட்டால் பாளையங்கோட்டையே பற்றி எரிந்தாலும் எனக்கென்ன என்று வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற மனுஷர். முப்பது வருஷமாகக் கேட்கிற குறட்டை, இன்றைக்குத்தான் இத்தனை எரிச்சலாக இருக்கிறது. நான் சாப்பாட்டு மேஜையில் டைரியை விரித்துவைத்துக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவள் மாதிரி சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் மகன் வேலவன் போன் பண்ணுவான். பெங்களூரில் பெரிய வீடு ஒன்று பார்த்துவைத்திருக்கிறான். "நீங்களும் அப்பாவும் வாறீங்கன்னாதான் அந்த வீடு, இல்லன்னா எங்களுக்கு இதுவே போதும்மா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஓனர்ட்ட சொல்லிரணும்" என்று போன வாரமே கெடு வைத்துவிட்டான். போவதென்றால் நான் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுக்க வேண்டும். கெமிஸ்ட்ரி டீச்சர் மங்கையர்க்கரசி, சர்வீஸ் இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்கிறவள், பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனாள் என்று ஆகிவிடும். ஆனால் என்ன, நல்லதுதானே. இவரைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். இந்த மனுஷருக்கு எல்லாமே என் இஷ்டம். கல்யாணத்தன்று தாலி கட்டும்போதுகூட உன் இஷ்டம் என்றுதான் மனசுக்குள் சொல்லியிருப்பார். போகவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏன் போகக்கூடாது என்று நான் கேட்டிருப்பேன், அப்போது எனக்கே தெரிந்திருக்கும் நான் போக நினைக்கிறேனா இல்லையா என்று. சுவரில் பந்தை அடித்தால் திரும்பி வரும், இவர்மேல் அடித்தால் பந்து பஞ்சு மூட்டைக்குள் போய்விடுகிறது.

அதனால்தான் இந்தக் கர்மம் பிடித்த டைரி. ஜூன் மாத ஆசிரியர் பயிற்சியில் ஒரு அம்மாள் வந்தாள், கையில் மைக்கோடு பிறந்தவள் போல, மத்தியானம் வரைக்கும் அதை வைக்கவே இல்லை. தினமும் எழுதுங்கள், நல்லதாக எழுதவேண்டாம், உண்மையாக எழுதுங்கள், சில மாதம் கழித்து மொத்தமாக எடுத்துப் படியுங்கள், எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள், உங்களுக்கு எதில் அக்கறை என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அது வேறாக இருக்கும், உண்மையில் எதில் அக்கறை என்பது அதில் இருக்கும் என்றாள். எனக்கு எதில் அக்கறை என்று எனக்குத் தெரியாதா, நீ யாரம்மா சொல்வதற்கு என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பள்ளிக்கூடத்து ஜெயசீலி என் காதில், "உங்க டைரிய மொத்தமாப் படிச்சா பிபி மாத்திரை ரெண்டு வேணும் டீச்சர்" என்றாள். அந்த வீம்புக்காகவே எழுத ஆரம்பித்தேன். நகைக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, அது நிறைந்து இந்த வருஷ டைரியிலும் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அந்த மைக்கு அம்மாள் படிப்பதற்கும் முறை சொல்லியிருந்தாள். முதல் தடவை பேனா இல்லாமல் படிக்க வேண்டும். இரண்டாவது தடவை ஓரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றிரண்டு சொல் எழுத வேண்டும், நீங்களாக யோசித்த சொல் இல்லை, அந்தப் பக்கத்தில் கிடக்கிற சொல். அப்புறம்தான் ஒரே ஜாதிச் சொற்களைச் சேர்த்துக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்க வேண்டும், அப்புறம்தான் பெயர் வைக்க வேண்டும். நான் இதையெல்லாம் கேட்கிற ஆளா? முப்பது வருஷம் பப்ளிக் பரீட்சைப் பேப்பர் திருத்தினவள். முகாமில் முதல் வேலை என்ன, விடைக்குறிப்பு. கீ இல்லாமல் கட்டைப் பிரிக்கவே விடமாட்டார்கள். அதனால் நானும் காலையில் உட்கார்ந்து முதலில் கீ தயார் பண்ணினேன். பேரன், இவர், பள்ளிக்கூடம், உடம்பு, கோயில். ஐந்து தலைப்பு, ஐந்துக்கும் ஓரத்தில் சிவப்பு டிக். ஒரு மனுஷியின் வாழ்க்கையில் இதற்குமேல் என்ன இருந்துவிடப் போகிறது.

கூட்டிப் பார்த்தால் பள்ளிக்கூடம் முக்கால்வாசி. மற்ற நாலும் கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. சரி, முடிந்தது, எனக்கு வேலைமேல்தான் உயிர், போகவேண்டாம், வேலவனிடம் சொல்லிவிடலாம் என்று பேனாவை மூடினேன். மூடின கையோடு சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. எனக்கா வேலைமேல் உயிர்? கெமிஸ்ட்ரி லேபில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாமல் மூன்று வருஷம் ஆகிறது, அந்த அமில நெடியில் நின்று நின்று என் மூக்கே செத்துவிட்டது. காலையில் அந்த கேட்டுக்குள் நுழையும்போதே சாயங்கால மணி எப்போது அடிக்கும் என்றிருக்கும். ஹெட்மிஸ்ட்ரஸ் குட்மார்னிங் சொன்னால்கூட எதற்குச் சொல்கிறாள், எந்த வேலையைத் தலையில் கட்டப் போகிறாள் என்றுதான் தோன்றும். முக்கால்வாசி எழுதிவிட்டேன் என்பதற்காக அக்கறை என்று ஆகிவிடுமா. பல்வலி வந்தால் நாள் முழுக்கப் பல்லைப் பற்றித்தான் நினைப்போம், அதற்காகப் பல்மேல் ஆசை என்றா அர்த்தம். அந்த அம்மாளும் சொல்லத்தான் செய்தாள், இப்போது ஞாபகம் வருகிறது, எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், எங்கே அதிக வரி போயிருக்கிறது பாருங்கள், எங்கே கையெழுத்து மாறுகிறது பாருங்கள், எந்த நாளில் அது இல்லை பாருங்கள் என்று. அப்போது நான் காது கொடுக்காமல் சமோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் இன்னொரு கூத்து, போன வருஷம் திருத்தும் முகாமில் ஒரு பிள்ளை கணக்கை வேறு வழியில் போட்டு விடை சரியாகக் கொண்டுவந்திருந்தது. கீயில் அந்த வழி இல்லை என்று மேலே இருந்தவர் மார்க் போடாதே என்றுவிட்டார். ஜெயசீலி பேப்பரைத் தூக்கிக்கொண்டு போய் ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "கீயில இருக்கத மட்டும் தேடுததுக்கு வாத்தியார் எதுக்கு சார், கிளியக் கூட்டிட்டு வந்து உக்கார வைங்க" என்றாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது, ஒரே பள்ளிக்கூடத்துக்காரியாயிற்றே. அன்றைக்கு முகாமில் மத்தியானச் சாப்பாட்டின்போது அவளிடம் ஒரு மணி நேரம் கத்தினேன். இப்போது யோசித்தால் நான் செய்துவைத்திருப்பதும் கிளி வேலைதான். சனியன், இங்கேயும் வந்து நிற்கிறாள் பார்.

பேனாவைத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு முதலிலிருந்து படித்தேன். ஜூலை. "இன்றைக்கு ஜன்னல் பக்க ஃபேன் தன்னுடையது என்று ஜெ. சண்டை. ஃபேனுக்குப் பட்டா வாங்கியிருக்கிறாளாம். நீங்க உக்காந்தா காத்துக்கே மூச்சு முட்டுது டீச்சர் என்கிறாள். நான் விடவில்லை." விடவில்லை என்பதற்கு அடியில் கோடு வேறு. ஆகஸ்ட். "பத்தாம் வகுப்பு சி பிரிவுப் பிள்ளைகளுக்கு மார்க் அள்ளிக் கொடுக்கிறாள். கேட்டால் நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கேன், உங்க புருஷன் பேங்கிலிருந்தா எடுக்கேன் என்கிறாள். என்ன வாய்." ஒன்றரைப் பக்கம் அது. என் சாம்பார் பற்றி அவள் சொன்னது, அதற்கு நான் அவள் மீன்குழம்பு பற்றிச் சொன்னது, அதற்கு அவள் பதில், அதற்கு என் பதில், வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது தோன்றின இன்னும் நல்ல பதில், அதை மறுநாள் சொல்லணும் என்று குறிப்பு, மறுநாள் சொன்னது, அவள் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனது. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தைப் பார்க்க வேண்டுமே, சாய்ந்து சாய்ந்து ஓடுகிறது, ஒரு இடத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது. பள்ளிக்கூடம் என்று நான் டிக் அடித்த இடமெல்லாம் திரும்பப் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? பாடம் பற்றி ஒரு வரி, பிள்ளைகள் பற்றி அங்கங்கே நாலு, லேப் பற்றிக் கொஞ்சம் புலம்பல். மிச்சம் முழுக்க அவள். ஃபேனாக அவள், டிபனாக அவள், மார்க்காக அவள், மைக்கு அம்மாளைப் பற்றி எழுதின நாளில்கூட அவள் சொன்ன பிபி மாத்திரை. எட்டு மாதமாக நான் ஒரு டைரியும் எழுதவில்லை, கணக்கு டீச்சர் ஜெயசீலியின் சரித்திரத்தை எழுதியிருக்கிறேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இவர் புரண்டு படுத்தார். யாராவது பார்த்துவிட்டார்களா என்கிற மாதிரி ஒரு வெட்கம், ஐம்பத்தாறு வயதில்.

வெறுப்பு, அவ்வளவுதான், வேறென்ன. பிடிக்காதவளைப் பற்றித்தானே ஆத்திரமாக எழுதுவார்கள். எனக்கு அவளைப் பிடிக்காது. அவள் சிரிக்கிற சிரிப்பு பிடிக்காது, சாக்பீஸ் தூசியைப் புடவையில் துடைப்பது பிடிக்காது, என்னைவிட நாலு வயசு மூத்தவள் என்பதற்காக நான் நீங்க வாங்க என்று மரியாதை கொடுத்துக்கொண்டே திட்டவேண்டியிருப்பது சுத்தமாகப் பிடிக்காது. அப்படியானால் அவள் இல்லாத நாளில் நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நவம்பரில் கண் ஆபரேஷன் என்று அவள் லீவில் போனாள். புரட்டினேன். "மழை. புளிக்குழம்பு." அடுத்த நாள், "தலைவலி." அடுத்த நாள், "ஒன்றுமில்லை." அதற்கடுத்த நாள் தேதி மட்டும் இருக்கிறது. மனசு ஒத்துக்கொள்ளவில்லை, மழைக்காலம், யாருக்குத்தான் எழுதத் தோன்றும் என்று வாதாடினேன். வாதாடினால் சரிபார்க்க வேண்டும், அது சயின்ஸ் படித்தவளின் புத்தி. டிசம்பரில் வெள்ளம் வந்து பள்ளிக்கூடமே மூடிக்கிடந்த நாட்களைப் பார்த்தேன். அப்போதும் மழைதான், கரண்ட்டும் இல்லை. ஆனால் பக்கம் பக்கமாக இருக்கிறது. அவள் போன் பண்ணி, "உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா டீச்சர், வந்தா அதுகிட்டயும் சண்டை போட்டு வெளிய அனுப்பிருங்க" என்று சொன்னது, நான் முதல் மாடியில் இருக்கிறேன் என்றுகூடத் தெரியாத ஜென்மம் என்று நான் எழுதியிருப்பது, அவள் வீட்டில் முழங்கால் வரைக்கும் தண்ணீர் நின்றதை அவள் சொல்லவே இல்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது, அதற்கு இரண்டு பக்கம் திட்டு. மழை காரணம் இல்லை. அவள் இல்லாததுதான் காரணம். அவள் லீவு போட்ட வாரம் நான் செத்துக் கிடந்திருக்கிறேன், புளிக்குழம்பு வைத்துக்கொண்டு. என்னிடம் எதிர்த்துப் பேச உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள். நான் அடித்தால் திருப்பி அடிக்கிறவள். அந்தச் சண்டைக்காகத்தான் நான் காலையில் எழுந்து தலை பின்னிக்கொண்டு போயிருக்கிறேன். இதை எந்த வாயால் யாரிடம் சொல்வது?

சரி, இருந்துவிட்டுப் போகட்டும், பேரன்மேல் எனக்கு உயிர் இல்லையா, அவன் பிறந்த நாளிலிருந்தே பெங்களூர் போகணும் என்றுதானே இருக்கிறேன். நாக்கில் வந்துவிட்டது, டைரி ஒத்துக்கொள்ளவில்லை. ஜூலையிலிருந்து தேடினேன். "இனியன் போனில் பேசினான்." "இனியனுக்குச் சளி." ஒற்றை வரி, ஒற்றை வரி. அவனை நினைத்தால் இப்போதும் மார்பில் பால் சுரந்த காலம் மாதிரி ஒரு கனம் வருகிறது, அது பொய்யில்லை. சிலது எழுத வராது, எழுத வராததெல்லாம் இல்லாதது என்று அந்த மைக்கு அம்மாள் சொன்னால் அவள் முகத்துக்கு நேராகவே சண்டை போடுவேன். ஆனால் பெங்களூர் போய்விடலாம் என்று நான் எழுதின முதல் நாள் எது என்று தேடினேன் பார், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். செப்டம்பரில் இல்லை. தீபாவளிக்கு அவர்கள் வந்து போனபோதுகூட இல்லை. ஜனவரி, பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். "வேலவன் வீட்டோடு போய் இருந்துவிடலாமோ. இவ்வளவு நாள் உழைத்தது போதும்." அதற்கு முந்தின நாள் பக்கத்தில் என்ன? "ஜெ. மே மாதக் கடைசியில் ரிட்டயர்டு ஆகிறாளாம், ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். சனியன் தொலைந்தது." அவ்வளவுதான். எட்டு மாதத்தில் அவளைப் பற்றி நான் எழுதினதிலேயே சின்னது அதுதான். கையெழுத்து குண்டு குண்டாக, நல்ல பிள்ளையாக, கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த நாள் பெங்களூர். நாலு வருஷம் சர்வீஸ், சம்பளம், வீடு, எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகத் துணிந்தது பேரனுக்காக என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லும்போது கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அந்தத் தண்ணீர் யாருக்கு வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. ஜெயசீலியிடமும் சொன்னேன். "போங்க, போங்க, பேரனாவது உங்கள அடக்குதானா பாப்பம்" என்றுவிட்டுச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனாள். அதையும் எழுதியிருக்கிறேன், திமிர் என்று.

இத்தோடு டைரியை மூடியிருக்கலாம். அவள் போகிறாள், அவள் இல்லாத ஸ்டாஃப் ரூமில் நாலு வருஷம் புளிக்குழம்பு எழுதுவதற்குப் பதில் பெங்களூரே மேல், காரணம் எதுவானால் என்ன, பிள்ளையோடு இருப்பதில் என்ன தப்பு என்று மனசு நன்றாகத்தான் நியாயம் பேசிற்று. மிச்சப் பக்கங்களைச் சும்மா புரட்டினேன். ஜனவரியிலிருந்து ஜெயசீலி குறைந்துகொண்டு வருகிறாள். அவள் இருக்கிறாள், பக்கத்து மேஜையில்தான் இருக்கிறாள், நான்தான் இப்போதே அவளை விட்டு விலகிக்கொண்டு வருகிறேன் போல. ஆனால் பக்கங்கள் குறையவில்லை. வேறு யாரோ அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். "ர. பொங்கலுக்கு வந்தபோது பாத்திரம் கழுவின அழகு. சோப்பு போகவே இல்லை." "வீடியோவில் பார்த்தேன், பிள்ளைக்கு ஸ்வெட்டர் இல்லை. கேட்டால் சரிங்கத்தை. எதற்கெடுத்தாலும் சரிங்கத்தை." "ர. வைக்கிற ரசம் சுடுதண்ணீர்." அடியில் கோடு. "அத்தனை அடக்கம் ஆகாது. உள்ளே என்ன வைத்திருக்கிறாளோ." பிப்ரவரியில் ஒரு முழுப் பக்கம், சாய்ந்து சாய்ந்து ஓடுகிற கையெழுத்து, அவளை எப்படி ஒரு கேள்வி கேட்டு மடக்குவது என்று. ரஞ்சனி. என் மருமகள். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் என்னிடம் ஒரு சொல் ஏறிப் பேசாத பெண். ஃபேனை நிறுத்தினேன், அப்போதும் சில்லென்றுதான் இருந்தது. அவள் ஜெயசீலி இல்லை. ஜெயசீலியை நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள், இரண்டு பேருக்கும் சோறு இறங்கும். இந்தப் பெண் வாங்கிக்கொண்டே இருப்பாள். ராத்திரி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். காலையில் சரிங்கத்தை என்று காபி கொண்டுவந்து வைப்பாள், அதற்கும் நான் ஒன்று சொல்வேன். ஒரு வருஷம், இரண்டு வருஷம். வேலவன் நடுவில் நின்று முழிப்பான். இனியன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கக் கற்றுக்கொள்வான். நான் சண்டை தேடிப் போகிறேன், பேரனைத் தேடி இல்லை. அங்கே எனக்குக் கிடைக்கப் போவது அடித்தால் வாங்கிக்கொள்கிற ஆள், திருப்பி அடிக்கிற ஆள் இல்லை. மாமியார்க்காரி என்று எவளெவளையோ நான் திட்டியிருக்கிறேன், அவளுகளெல்லாம் இப்படித்தான் ஆகியிருப்பாளுகளா, யாரோ ஒருத்தி ரிட்டயர்டு ஆகிப் போனதால்?

போன் அடிக்கிறது. இவர் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வேலவனா இருக்கும். என்ன சொல்லப் போற?" என்றார். எத்தனையோ நாள் கழித்து இவர் கேட்ட முதல் கேள்வி. போனை எடுத்தேன். பின்னால் இனியன் ஏதோ பாட்டை உரக்கக் கத்திக்கொண்டிருந்தான், ரஞ்சனி அவனை மெதுவாக அதட்டுகிறாள், அது அதட்டல் மாதிரியே இல்லை, எப்படி அதட்டணும் என்று ஒரு வாக்கியம் என் நாக்கு வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கினேன். விழுங்கவே இத்தனை பாடு. "ஓனர் காத்துட்டு இருக்காரும்மா, சொல்லிரட்டா?" என்றான் வேலவன்.

"நாங்க வரல வேலவா. சின்ன வீட்டுலயே இரு. லீவுக்கு வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போறேன், பத்து நாள். அதுக்கு மேல இருக்க விடாத."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான், அடுத்த அறைக்குப் போகிறான் என்று தெரிந்தது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "ஏம்மா, பொங்கலுக்கு வந்தப்ப ரஞ்சனி உங்கள ஏதும் சொல்லிட்டாளா?"

"ஒண்ணும் சொல்லல. நான் என்ன சொன்னாலும் அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றேன். "அதனாலதான் வரல."